மூணு குட்டிப் பயணம், ஒரு வருஷ லீவு

தங்கச்சி, லீவை எல்லாம் சேர்த்து வைத்து மே மாதம் ஒரே மூச்சாக ஊட்டிக்குப் போவதை இந்த வருஷம் விட்டுவிடு. இ-பாஸ் எடுத்து, கூட்டத்தில் நின்று, இரட்டை வாடகை கொடுத்து, பாதி நேரம் காரிலேயே போய்விடுகிறது. அந்தப் பன்னிரண்டு சி.எல்.லை வருஷம் முழுக்கப் பிரித்துப் போடலாம். 2026 காலண்டரை எடுத்துக்கொள், சேர்ந்தே போடுவோம்.

முதலில் ஊர்களை எழுதாதே. போக முடியாத நாட்களை அடித்துவிடு. பிள்ளைகளின் பரீட்சை, உறவில் நிச்சயமான கல்யாணம், அத்தைக்கு டாக்டர் சொன்ன செக்கப், உன் வீட்டுக்காரர் ஆபீஸில் கணக்கு முடிக்கும் மார்ச் கடைசி, எல்லாம் சிவப்பு. அக்டோபர் நடுவிலிருந்து டிசம்பர் நடுவரை சென்னையில் மழைக்காலம், அதையும் அடித்துவிடு. நாலைந்து சி.எல்.லை அந்த மாதங்களுக்கென்றே ஒதுக்கி வை. தெருவில் தண்ணீர் நிற்கும், பிள்ளைக்குக் காய்ச்சல் வரும், பள்ளிக்குத் திடீர் லீவு விடுவார்கள். அப்போது கையில் லீவு இல்லாவிட்டால் சம்பளத்தில்தான் கை வைப்பார்கள்.

மிச்சமுள்ள வெள்ளை நாட்களில்தான் ஊரைப் பொருத்த வேண்டும். பிப்ரவரி தஞ்சாவூருக்கு. வெள்ளி இரவு உழவன் எக்ஸ்பிரஸ் ஏறி ஞாயிறு இரவுக்குள் வீடு திரும்பினால் லீவே வேண்டாம். பெரிய கோயில் கல்தரையில் பிள்ளைகள் வெறுங்காலோடு ஓடலாம். அதே தரை மே மாதம் மத்தியானம் காலைச் சுட்டுவிடும். கோடை விடுமுறையில் ஏலகிரி போதும். ஜோலார்பேட்டை வரை ரயில், அங்கிருந்து பதினாலு கொண்டை ஊசி வளைவு. ஆனால் சனி ஞாயிறில் போகாதே. செவ்வாய், புதன் இரண்டு நாள் சி.எல். போடு. பிள்ளைகளுக்குத்தான் எல்லா நாளும் லீவாயிற்றே, கூட்டமுள்ள நாளில் ஏன் போக வேண்டும்?

எனக்கு ரொம்பப் பிடித்தது ஆடி மாதக் குற்றாலம். தென்மேற்குப் பருவமழையில் சாரல் இருக்கும். ஆடியில் கல்யாணம் காட்சி இல்லாததால் பத்திரிகை நீட்டிக்கொண்டு யாரும் வர மாட்டார்கள். ஆகஸ்ட் 15 இந்த வருஷம் சனிக்கிழமையில் விழுகிறது. அதனால் உனக்கு ஒரு நாளும் லாபமில்லை, கூட்டம் மட்டும் வரும். ஆகஸ்ட் 12 ஆடி அமாவாசை. எனவே அதற்கு முந்தைய வாரத்தைப் பிடி. ஆகஸ்ட் 6 வியாழன் இரவு எழும்பூரில் பொதிகை ஏறினால் காலையில் தென்காசி. வெள்ளியும் சனியும் அருவி. சனி இரவே ரயில் ஏறிவிடு. ஞாயிறு துணி துவைக்கவும் தூங்கவும் வேண்டும். திங்கள் காலை வந்திறங்கி நேரே ஆபீஸ் போனால் அந்த வாரம் முழுக்க அசதி. செலவு ஒரே ஒரு சி.எல்.

ரயில் முன்பதிவு இப்போது 60 நாளுக்கு முன்புதான் திறக்கிறது. பழைய 120 நாள் கணக்கு 2024 நவம்பரோடு போயிற்று. ஆகஸ்ட் 6 டிக்கெட் ஜூன் 7 காலை 8 மணிக்குத் திறக்கும். திரும்பும் 8-ஆம் தேதி டிக்கெட் அன்றைக்குக் கிடைக்காது, ஜூன் 9 காலையில்தான். போகும் டிக்கெட்டை எடுத்துவிட்டு வரும் டிக்கெட்டை மறப்பவர்கள் நிறைய. இரண்டு தேதிக்கும் போனில் அலாரம் வை.

அத்தைக்கு முழங்கால் வலி, கீழ் பெர்த் வேண்டும். எல்லோரையும் ஒரே டிக்கெட்டில் போட்டால் மூத்தவர்களுக்கான கீழ் பெர்த் கோட்டா கிடைக்காது. அந்தக் கோட்டாவில் தனியாகவோ இரண்டு பேராகவோதான் எடுக்க முடியும். ஆண்களுக்கு 60, பெண்களுக்கு 45 வயது ஆகியிருக்க வேண்டும். அத்தைக்கும் மாமாவுக்கும் தனி டிக்கெட் எடு. பெட்டி மாறி விழலாம் என்பது இதில் உள்ள தொல்லை. இரவில் பக்கத்தில் நீ இல்லாமல் அத்தை இருக்க மாட்டார் என்றால் இந்த வழி வேண்டாம்.

மலையில் கனமழை கொட்டினால் பேரருவியிலும் ஐந்தருவியிலும் குளிக்கத் தடை போட்டுவிடுவார்கள். கிளம்பும் முன் தென்காசி மாவட்ட மழைச் செய்தியைப் பார். பேரருவியில் பாதுகாப்பு வளைவைத் தாண்டித் தண்ணீர் கொட்டுகிறது என்றால் பயணத்தை ஆகஸ்ட் 15 கூட்டம் கலைந்த பிறகு ஒரு வாரத்துக்குத் தள்ளு. இதற்காகத்தான் ஆகஸ்ட் பின்பாதியில் இன்னொரு வெள்ளிக்கிழமையையும் காலண்டரில் வெள்ளையாக விட்டுவைக்கச் சொல்கிறேன்.

டிசம்பர் நடுவில் மீதி சி.எல்.லை எண்ணிப் பார், வருஷம் முடிந்தால் அது காலாவதி. அரையாண்டு விடுமுறை தொடங்கியதும் அதைப் போட்டு, வேடந்தாங்கலுக்கு ஒரு நாள் காலையிலேயே கிளம்பு. ஏரியில் தண்ணீர் இருந்தால் பறவைகள் வந்திருக்கும்; இல்லையென்றால் ஜனவரிக்கு எழுதி வை.