எந்த வரிசை இருக்க வேண்டும், எது பின்னிணைப்புக்குப் போக வேண்டும்?

மாணவர்களே, சவ்வூடு பரவல் சோதனை ஒன்றைச் செய்ததாக வைத்துக்கொள்வோம். சர்க்கரைக் கரைசலின் செறிவு லிட்டருக்கு 0.0 மோலில் தொடங்கி, 0.1 மோலாகக் கூடி 0.8 வரை செல்கிறது. ஒவ்வொரு செறிவிலும் 5 உருளைக்கிழங்குத் துண்டுகள். ஆக, எடை மாற்றத்தைக் காட்டும் அட்டவணையில் 45 வரிசைகள் இருக்கும். அதை அப்படியே அறிக்கையின் நடுவில் வைத்தால் யாரும் படிக்கமாட்டார்கள்.

முதலில் 45 வரிசைகளுக்கும் 1 முதல் 45 வரை எண் கொடுங்கள். இந்த முழு அட்டவணையை எதையும் நீக்காமல் பின்னிணைப்பில் வையுங்கள். பிறகு ஒவ்வொரு செறிவுக்கும் சராசரி காணுங்கள். 9 வரிசைகள் கிடைக்கும்.

இந்த 9இல் எவை அறிக்கையில் இருக்க வேண்டும்? அதை உங்கள் ஆய்வுக் கேள்விதான் முடிவு செய்யும். "எந்தச் செறிவில் துண்டின் எடை மாறாமல் இருக்கும்?" என்பது கேள்வியானால், இரு முனைகளும், கூடுதல் குறைவாக மாறும் இடத்தின் இரு பக்கமும் தேவை. விதிவிலக்கான முடிவு வந்த வரிசையும் தேவை.

| செறிவு | சராசரி எடை மாற்றம் (%) | பின்னிணைப்பு வரிசை |
|---|---|---|
| 0.0 | +10.0 | 1–5 |
| 0.2 | +3.0 | 11–15 |
| 0.3 | −2.0 | 16–20 |
| 0.4 | −5.0* | 21–25 |
| 0.8 | −17.0 | 41–45 |

0.2க்கும் 0.3க்கும் இடையில் மாற்றம் 5 விழுக்காடு. அதில் 3 விழுக்காடு குறைந்ததும் பூச்சியம் வந்துவிடும். எனவே விடை ஏறத்தாழ 0.26 மோல். மற்ற நான்கு செறிவுகளும் இந்த விடையை மாற்றுவதில்லை. அவற்றை வரைபடத்தில் புள்ளிகளாகக் காட்டினால் போதும்.

நட்சத்திரக் குறி ஏன்? 0.4 கரைசலில் நான்கு துண்டுகள் −6.1, −5.9, −6.2, −5.8 என்று காட்டின. 25ஆம் வரிசையில் உள்ள ஐந்தாவது துண்டோ −1.0 மட்டுமே. அதைச் சேர்த்தால் சராசரி −5.0, விட்டால் −6.0. துண்டின் ஈரத்தைச் சரியாக ஒற்றி எடுக்காமல் நிறுத்திருக்கலாம். ஆனால் அது ஊகம்தான். ஆகவே இரு சராசரிகளையும் அட்டவணையின் அடிக்குறிப்பில் எழுதுங்கள். விருப்பமில்லாத எண்ணைப் பின்னிணைப்பில் மட்டும் ஒளித்து வைப்பது வாசகரை ஏமாற்றுவதாகும்.

இதைத் தவிர்க்க ஒரு வழி உண்டு. வரிசைகளைத் தேர்ந்தெடுக்கும் விதியைச் சோதனைக்கு முன்பே குறிப்பேட்டில் எழுதிவிடுங்கள். முடிவைப் பார்த்தபின் விதி எழுதினால், கோட்டில் அழகாக அமர்ந்த வரிசைகளே கையில் அகப்படும்.

கடைசியாக, ஒரு நண்பரிடம் பின்னிணைப்பை மட்டும் கொடுத்து, 11 முதல் 15 வரையிலான வரிசைகளின் சராசரியைக் கணக்கிடச் சொல்லுங்கள். அவருக்கு +3.0 வராவிட்டால், இரண்டு அட்டவணைகளில் ஏதோ ஒன்றில் எண் தவறியிருக்கிறது.