ஒரு பாடம் போதும்

கேள்வி: எம்.எட். படிப்புக்காக 'திக்‌ஷா' தளத்தைப் பற்றித் திறனாய்வுக் கட்டுரை எழுத வேண்டும். எப்படித் தொடங்குவது?
– வாசகி, ஓசூர்

பதில்: வசதிகளை அடுக்கினால் அது விளம்பரம்தான். முழுத் தளத்தையும் தொடாதீர்கள். 2018இல் வரத் தொடங்கிய நம் புதிய பாடநூல்களில் இந்தத் தளத்துக்கு இட்டுச்செல்லும் க்யூஆர் குறியீடுகள் உண்டல்லவா, ஒன்பதாம் வகுப்பு அறிவியலில் ஒரே ஒரு பாடத்தை எடுத்து, அதிலுள்ள ஒவ்வொரு குறியீட்டையும் ஸ்கேன் செய்யுங்கள். திறக்காவிட்டால் வேறோர் இடத்தில், வேறு இணைப்பில் மறுபடி பாருங்கள். சிக்னலின் குற்றத்தைத் தளத்தின் மேல் போடக்கூடாது.

திறந்த காணொளி மாணவரை வெறுமனே பார்க்க வைக்கிறதா, நிறுத்தி விடை ஊகிக்கச் சொல்கிறதா? கட்டுரையின் உயிர் இந்தக் கேள்விதான். உங்கள் பக்கம் தெலுங்கு, கன்னட வழிப் பள்ளிகளும் இருக்கின்றன. அதே பாடத்தை அந்த நூல்களிலும் ஸ்கேன் செய்து, என்ன கிடைக்கிறது என்று ஒப்பிடுங்கள். சென்னையில் உட்கார்ந்து எழுதுபவருக்கு இந்த வாய்ப்பு எளிதில் கிடைக்காது.