முடிவிலிருந்து முதல் வரிக்கு: சுழலும் குறுங்காணொளி எழுதுவது எப்படி

யூடியூப் ஷார்ட்ஸிலும் இன்ஸ்டாகிராம் ரீல்ஸிலும் காணொளி முடிந்ததும் அதுவாகவே மறுபடி தொடங்குகிறது. பார்ப்பவர் விரலால் தள்ளினால்தான் அடுத்ததற்குப் போகும். "அவ்வளவுதான், நன்றி, வணக்கம்" என்று முடித்தால் தள்ளிவிடச் சொல்லி நாமே சைகை காட்டுகிறோம். முடிவு வரி முதல் வரியோடு சேர்ந்து ஒரே வாக்கியமாக ஒலித்தால், முடிந்தது தெரியாமலே அவர் இரண்டாம் சுற்றுக்குள் நுழைந்திருப்பார்.

தமிழில் எழுதுகிறவர்களுக்கு இதில் ஒரு வசதி உண்டு. நம் வாக்கியத்தில் காரணமும் நிபந்தனையும் முன்னால் வரும், முடிவான வினை கடைசியில் வரும். "மழை பெய்ததால்" என்று நிறுத்தினால் கேட்பவர் மனம் மீதியைத் தேடும். அந்த மீதியைக் காணொளியின் முதல் வரியாக வைத்துவிடலாம். அந்தாதி பாடிய புலவர்கள் இந்த வேலையைத் தெரிந்தே செய்தார்கள். அபிராமி அந்தாதியில் நூறாவது பாட்டு முடியும் சொல்லில்தான் முதல் பாட்டு தொடங்குகிறது. இப்படி வட்டமாக வந்து சேர்வதை மண்டலித்தல் என்பார்கள்.

அரை நிமிட ரசக் காணொளி ஒன்றை எடுத்துக்கொண்டு படிப்படியாகச் செய்து பார்ப்போம்.

முதலில் எழுத வேண்டியது தொடக்கமும் அல்ல, முடிவும் அல்ல. இரண்டும் சேர்ந்த முழு வாக்கியம். நாம் சொல்ல வந்த விஷயத்தின் சாரம் அதில் இருக்க வேண்டும்: "நுரை கட்டினதுக்கு அப்புறம், ரசம் கொதிக்கவே கூடாது." இதைக் காற்புள்ளி இருக்கும் இடத்தில் வெட்டுங்கள். பின்பாதி காணொளியின் முதல் வரி. முன்பாதி கடைசி வரி.

வெட்டியபின் பின்பாதியைத் தனியாகச் சொல்லிப் பாருங்கள். "ரசம் கொதிக்கவே கூடாது." தனியாகவே நிற்கிறது. அதுமட்டுமல்ல, கேட்டதும் ஒரு மறுப்பு எழுகிறது: கொதிக்காமல் எப்படி ரசம் வைப்பது? அந்தக் கேள்வி பார்ப்பவரைப் பிடித்து நிறுத்தும். இரண்டாம் முறை கேட்கும்போது நிபந்தனை முன்னால் சேர்ந்துவிட்டதால் அதே வரி வேறு பொருளில் புரியும். நான் இந்த மாற்றத்தைத்தான் நல்ல சுழற்சியின் அடையாளமாகக் கொள்வேன். ஒலி மட்டும் ஒட்டிக்கொண்டு பொருள் நகராமல் இருந்தால் மூன்றாம் சுற்றில் எரிச்சல்தான் வரும்.

முதல் வரி "ஆனா", "அது" என்று முன்கதையை எதிர்பார்க்கும் சொல்லில் தொடங்கக்கூடாது. கடைசி வரிக்கு வேறு கொக்கிகளும் உண்டு. "இல்லேன்னா..." என்று நிறுத்தி, முதல் வரியில் விளைவைச் சொல்லலாம். "எங்க பாட்டி எப்பவும் சொல்லுவாங்க..." என்று நிறுத்தினால் முதல் வரி பாட்டியின் வாக்காகிவிடும். "அதனாலதான்" எல்லோரும் பயன்படுத்தித் தேய்ந்த கொக்கி. வேறு வழி இருந்தால் தவிர்த்துவிடுங்கள்.

அடுத்து நடுப்பகுதி. கடைசி வரிக்கு முன்பே செய்முறை முழுவதும் சொல்லி முடித்திருக்க வேண்டும். இதில் சமரசம் கூடாது. ஒரு தகவலை ஒளித்துவைத்து மறுபடி பார்க்கவைத்தால் ஏமாற்றியதாகத்தான் தோன்றும். நம் ரசத்துக்கு இப்படி எழுதலாம்:

"ரசம் கொதிக்கவே கூடாது. புளித்தண்ணி கொதிக்கலாம். தாளிச்ச சட்டியிலயே புளித்தண்ணி, தக்காளி, மஞ்சள், உப்பு சேர்த்து, பச்சை வாசனை போறவரைக்கும் நல்லாவே கொதிக்கட்டும். அப்புறம் இடிச்ச மிளகு, சீரகம், பூண்டு, கடைசியா பருப்புத்தண்ணி. இப்ப அடுப்பைச் சின்னதாக்குங்க. ஓரத்துல நுரை சேரும். நடுவுல குமிழி வந்தா மிளகு வாசனை ஆவியோட போயிடும். அதுக்கு முன்னாடியே அணைச்சிடுங்க. நுரை கட்டினதுக்கு அப்புறம்..."

குரல் பதிவு செய்யும்போது பலர் தவறுகிறார்கள். எழுதியதை மேலிருந்து கீழே வாசித்தால் முதல் வரி உரத்த தொனியிலும் கடைசி வரி இறங்கிய தொனியிலும் அமைந்துவிடும். இரண்டையும் ஒட்டினால் வேறு வேறு ஆட்கள் பேசியதுபோல் கேட்கும். எனவே இணைப்பு வாக்கியத்தை மட்டும் ஒரே மூச்சில் முழுதாகப் பதிவு செய்யுங்கள். பிறகு செயலியில் வெட்டி, பின்பாதியைத் தொடக்கத்துக்கும் முன்பாதியை முடிவுக்கும் கொண்டுபோங்கள். வெட்டு "அப்புறம்" என்ற சொல்லுக்குப் பின் இயல்பாக விழும் சிறு இடைவெளியில் இருக்கட்டும். சில போன்களில் காணொளி மறுபடி தொடங்கும்போது நொடியின் சிறு பங்கு தடங்கல் வரும். அது இந்த இடைவெளிக்குள் மறைந்துவிடும். சொல்லின் நடுவே வெட்டினால் மறையாது. புகைபோக்கி விசிறியை அணைத்துவிட்டுப் பதிவு செய்வது நல்லது. அதன் இரைச்சல் ஒரு முனையில் இருந்து மறுமுனையில் இல்லாவிட்டால் ஒட்டிய இடம் காதில் உறுத்தும்.

படத்துக்கும் இதே உத்திதான். போனை ஸ்டாண்டில் பொருத்தி, திரையில் விரலை அழுத்திப் பிடித்து ஃபோகஸையும் வெளிச்சத்தையும் பூட்டிவிட்டு, நிறுத்தாமல் ஒரே ஷாட் எடுங்கள்: ஓரத்தில் நுரை சேர்கிறது, மேலே எழும்புகிறது, கை வந்து அடுப்பை அணைக்கிறது. நுரை எழும்பும் தருணத்தில் வெட்டுங்கள். எழும்பி, அடுப்பு அணையும் பாதி தொடக்கத்துக்கு. நுரை சேரும் பாதி முடிவுக்கு. இரண்டும் ஒரே ஷாட்டின் துண்டுகள் என்பதால் வெளிச்சமும் கோணமும் தாமாகவே பொருந்தும். தனித்தனியாக எடுத்துப் பொருத்த முயன்றால் ஆவியும் நிழலும் காட்டிக்கொடுத்துவிடும்.

பின்னணி இசை போடுவதானால் தாளக்கணக்கு பாருங்கள். நிமிடத்துக்கு 120 அடி ஓடும் நாலடித் தாளத்தில் ஓர் ஆவர்த்தம் சரியாக 2 நொடி. காணொளி 28 நொடி என்றால் 14 ஆவர்த்தம், இசையும் வட்டமாகச் சேரும். முடிவில் இசை தேய்ந்து மறையும்படி வைத்தால் சுழற்சி உடைந்துவிடும். "சப்ஸ்கிரைப் பண்ணுங்க" அட்டையும் அப்படித்தான். அந்த வேண்டுகோளை விவரக்குறிப்பில் எழுதுங்கள்.

வெளியிடுமுன் ஒரு சோதனை. எடிட்டிங் செயலியில் காணொளியின் இரண்டு பிரதிகளை அடுத்தடுத்து வைத்து, கண்ணை மூடிக்கொண்டு இணைப்பைக் கேளுங்கள். பிறகு ஒலியை நிறுத்திவிட்டுப் பாருங்கள். அடுத்து, விஷயம் தெரியாத ஒருவரிடம் கொடுங்கள். "புளித்தண்ணி கொதிக்கலாம்" வரும்போது "மறுபடி வந்துடுச்சே" என்றால் வேலை முடிந்தது. "பாதியில நின்னுடுச்சா?" என்று கேட்டால் கடைசி வரி அளவுக்கு மீறித் தொங்குகிறது, அதற்கு முந்தைய வரி போதிய நிறைவைத் தரவில்லை.

வெளியிட்ட பிறகு பார்வை எண்ணிக்கையை மட்டும் பார்த்து மகிழ வேண்டாம். 2025 மார்ச் 31 முதல் யூடியூப், ஷார்ட்ஸ் ஒவ்வொரு முறை ஓடத் தொடங்குவதையும் பார்வையாக எண்ணுகிறது. மறு ஓட்டமும் அதில் சேர்ந்துவிடுகிறது. யூடியூப் ஸ்டுடியோவில் சராசரியாகப் பார்க்கப்பட்ட சதவீதத்தைப் பாருங்கள். அது 100-ஐத் தாண்டினால் மறுபடி பார்த்தவர்கள் இருக்கிறார்கள். அங்கேயே இருக்கும் பார்வையாளர் தக்கவைப்பு வரைபடம் கடைசி இரண்டு மூன்று நொடியில் சரிந்தால், முடிவு வருவதை ஏதோ ஒன்று முன்கூட்டியே சொல்லிவிடுகிறது. பெரும்பாலும் அது குரலின் இறக்கமாகவே இருக்கும்.

ஷார்ட்ஸ் 3 நிமிடம் வரை போகலாம் என்றாலும் நீண்ட காணொளிக்கு இந்த உத்தி ஒத்துவராது. இரண்டரை நிமிடம் கழித்து முதல் வரி யாருக்கும் காதில் நிற்பதில்லை. வாட்ஸ்அப் ஸ்டேட்டஸில் காணொளி சுழலாமல் அடுத்ததற்குத் தாவிவிடும், அங்கே தொங்கும் வரி அறுந்த வரியாகத்தான் கேட்கும். ஸ்டேட்டஸுக்கு அனுப்பும் பிரதியில் மட்டும், ஒரே மூச்சில் பதிவு செய்த அந்த வாக்கியத்தையும் நுரை ஷாட்டையும் வெட்டாமல் கடைசியில் முழுதாக வைத்து அனுப்புங்கள்.