‘தங்கச்சி’ ‘மிஸ்’ ஆன திங்கட்கிழமை

மட்டக்களப்புப் பக்கம் திரும்புவதைக் ‘கிறுகுவது’ என்போம். முகத்தைக் கிறுக்கிக்கொண்டு போனாள் என்றால் அதில் கோபமும் இருக்கலாம், வெட்கமும் இருக்கலாம். எது என்று முகத்தைப் பார்த்துச் சொல்ல முடியாது. கந்தோரில் இந்தத் தவறு அடிக்கடி நடக்கிறது. நேற்று மனம் விட்டுப் பேசிய ஒருவர் இன்று கிறுகிவிட்டால், ‘என்னில் என்ன பிழை?’ என்று கேட்டபடி பின்னால் ஓடுகிறோம்.

செட்டிபாளையத்தைச் சேர்ந்த இருவரின் கதை இது. ஆட்களை அடையாளம் தெரியாதபடி மாற்றியிருக்கிறேன். இருவரும் ஒரே களப்பணி அலுவலகத்தில் வேலை. மூத்தவருக்கு நாற்பத்தைந்து வயது, இளையவள் பட்டம் முடித்துச் சேர்ந்து இரண்டு வருடம். கார்த்திகை மழையில் வாவிப் பக்கத்து வீடுகளுக்குள் தண்ணீர் ஏறியிருந்தது. நிவாரணப் பட்டியல் முடிக்க இருவரும் மூன்று நாள் இரவு வரை இருந்தார்கள். மூன்றாம் நாள் மின்சாரம் போய், பஸ்சும் வராமல், அலுவலக விறாந்தையில் குந்தியிருந்தபோது மூத்தவர் பேசத் தொடங்கினார். இரண்டு நுண்கடன், கிழமைக்குக் கிழமை கட்ட வேண்டிய தவணை, ஒன்றைக் கட்ட இன்னொன்று. புருசனுக்கு இதில் பாதி தெரியாது. அழுதார். இளையவள் கையைப் பிடித்துக்கொண்டிருந்தாள். போகும்போது, “நீ எனக்கு உடன்பிறந்த தங்கச்சி மாதிரி” என்றார்.

அது வெள்ளிக்கிழமை. திங்கட்கிழமை காலை வந்த வார்த்தை: “மிஸ், அந்தப் பட்டியல ஒருக்காத் தாங்க.”

நம் கந்தோர்களில் ‘மிஸ்’ மரியாதைச் சொல்தான். யாரும் யாரையும் அப்படிக் கூப்பிடலாம். ஆனால் இரண்டு வருடமாகத் ‘தங்கச்சி’, ‘என்னகா’ என்று கூப்பிட்ட ஒருவர் ‘மிஸ்’ என்றால் நடுவில் ஒரு மேசை வந்துவிட்டது என்று பொருள். தமிழில் ஒருவர் விலகுவதை முதலில் காட்டுவது விளிச்சொல்தான். முகம் பிறகுதான் மாறும். அதோடு மதியம் சோற்றுப் பாசலை வேறு மேசையில் பிரித்தார். வட்ஸ்அப்பில் குரல் பதிவாக வந்துகொண்டிருந்தவை ‘ஓம்’, ‘சரி’ என்று சுருங்கின. வேலையில் மட்டும் குறை இல்லை. பட்டியல் நேரத்துக்கு வந்தது.

இளையவள் மூன்று காரியம் செய்தாள், மூன்றும் பிழை. இரவில் நாலு செய்தி அனுப்பினாள். தேநீர் நேரத்தில் எல்லோர் முன்னாலும், “என்னக்கா, என்னோட கோவமா?” என்று கேட்டாள். கடைசியில், நல்லெண்ணத்தோடுதான், இன்னொரு சக ஊழியரிடம், “அக்காவுக்கு மனசு சரியில்ல, கொஞ்சம் பாத்துக்கொள்ளுங்க” என்றாள். கடன் என்ற சொல்லையே எடுக்கவில்லை. ஆனாலும் அன்றோடு மூத்தவர் அவளோடு பேச்சையே நிறுத்திவிட்டார்.

காரணத்தை அறிய நுண்கடன் எப்படி நடக்கிறது என்று தெரிந்திருக்க வேண்டும். பெண்கள் சிலர் சேர்ந்து ஒரு குழுவாகக் கடன் எடுப்பார்கள். ஒருவருக்கு மற்றவர்கள் பொறுப்பு. ஒருத்தி கட்டாவிட்டால் மற்றவர்களிடமே கேட்பார்கள். ஆகவே ஒருத்தி தடுமாறுகிறாள் என்ற செய்தி குழுவுக்குள் பெரிய செய்தி. மூத்தவரின் குழுவில் இளையவளின் மாமி ஒருவர் இருந்தார். வெள்ளிக்கிழமை இரவு வீட்டுக்குப் போய்ப் பாயில் படுத்த பிறகுதான் மூத்தவருக்கு அது உறைத்திருக்கிறது. சனி, ஞாயிறு இரண்டு நாளும் அதையே நினைத்துக்கொண்டு இருந்திருக்கிறார். திங்கட்கிழமை அவர் பயந்தது இளையவளுக்கு அல்ல, இளையவளின் மாமிக்கு.

கடலுக்கும் வாவிக்கும் நடுவில் ஒடுங்கிக் கிடக்கும் ஊர்கள் இவை. குருக்கள்மடம், செட்டிபாளையம், தேற்றாத்தீவு, களுதாவளை என்று கல்முனை வீதியில் ஒன்றை ஒன்று ஒட்டிக்கொண்டு போகின்றன. குடி வழியாகவோ கொண்டு கொடுத்த வழியாகவோ யாரும் யாருக்கும் ஏதோ ஒரு முறை. கந்தோரில் பக்கத்து மேசைக்காரி ஊரில் மச்சாளாக இருப்பாள். நகரத்து அலுவலகத்தில் சொன்ன சொல் பெரும்பாலும் அலுவலகத்தோடு நிற்கும். இங்கே அது பஸ்சில் ஏறி வீட்டுக்கு வந்துவிடும். அதனால் இங்கு ஒருவர் திடீரென்று பின்வாங்கினால் நான் முதலில் கேட்டுப் பார்க்கும் கேள்வி, ‘என்னைப் பிடிக்கவில்லையா?’ என்பதல்ல. ‘சொன்னது எங்கே போகும் என்று பயப்படுகிறாரா?’ என்பதுதான். யுத்த காலத்தில் வளர்ந்த தலைமுறைக்கு இந்தப் பயம் இன்னும் ஆழம். யாரிடம் எதைச் சொன்னோம் என்பது அப்போது உயிர் விசயம்.

இன்னொரு காரணம் வேகம். இர்வின் ஆல்ட்மன், டால்மஸ் டெய்லர் என்ற இரு உளவியலாளர்கள் 1973இல் எழுதிய நூலில் நெருக்கத்தை வெங்காயத் தோலுக்கு ஒப்பிட்டார்கள். வெளித்தோல், உள்தோல் என்று ஒவ்வொன்றாக, இரு பக்கமும் மாறி மாறி உரிந்தால் உறவு நிற்கும். அந்த விறாந்தையில் நடந்தது வேறு. ஒருவர் மட்டும் ஒரே இரவில் நடுக்குருத்து வரை போய்விட்டார், மற்றவர் ஒன்றும் சொல்லாமல் கேட்டுக்கொண்டிருந்தார். கணக்கு ஒரு பக்கம் சாய்ந்துவிட்டது. விடிந்ததும் சொன்னவருக்குத் தான் உடுப்பில்லாமல் நிற்பது போல ஒரு கூச்சம். கேட்டவர் எவ்வளவு நல்லவரோ அவ்வளவுக்கு அந்தக் கூச்சமும் கூடும், ஏனென்றால் அவர் முகத்தைக் கண்டால்தான் அந்த இரவு நினைவுக்கு வருகிறது.

2004 சுனாமிக்குப் பிறகு இந்த வேகத்தை இந்தக் கரையோரம் பெரிய அளவில் கண்டது. வெளியிலிருந்து வந்த பலர், மனதில் உள்ளதை ஒரே அமர்வில் கொட்ட வைத்துவிட்டால் சனங்களுக்கு நல்லது என்று நம்பினார்கள். 2007இல் ஐக்கிய நாடுகளின் முகவர் நிறுவனங்களும் தொண்டு அமைப்புகளும் சேர்ந்து வெளியிட்ட அவசரகால உளநல வழிகாட்டி, அனர்த்தத்துக்குப் பின் இப்படி ஒற்றை அமர்வில் எல்லாவற்றையும் பேச வைப்பதைச் செய்யாதீர்கள் என்றே எழுதியது. கந்தோரில் யாரும் அமர்வு நடத்துவதில்லைதான். ஆனால், ‘சொல்லுங்க, சொல்லுங்க, சொன்னாத்தான் பாரம் குறையும்’ என்று தூண்டுகிற நல்ல மனங்கள் நம்மில் நிறைய. அடுத்தமுறை ஒருவர் உங்களிடம் திறக்கத் தொடங்கினால் பாதியில், “இவ்வளவு போதும், மிச்சத்தப் பிறகு பேசுவம்” என்று தேநீர் ஊற்றிக் கொடுங்கள். அது இரக்கமில்லாத செயல் அல்ல.

சிலர் எந்த நெருக்கத்திலிருந்தும் இப்படி விலகுவார்கள். கிம் பார்த்தலமியூ என்ற ஆய்வாளர் 1990இல் இவர்களை இரண்டு வகையாகப் பிரித்தார். ஒருவருக்கு நெருக்கம் வேண்டும், ஆனால் புண்படுவோம் என்ற பயம். இன்னொருவர் நெருக்கமே தேவையில்லை என்று வாழப் பழகியவர். முதலாமவர் விலகினாலும் கண் தொலைவில் நிற்பார். உங்கள் மேசைப் பக்கம் ஏதாவது சாட்டு வைத்து வந்து போவார். இரண்டாமவர் நடந்ததையே சிறிதாக்குவார்: “அதெல்லாம் ஒரு விசயமா, மழைக்கு ஏதோ கதைச்சம்.” முதலாமவருக்குப் பொறுமை உதவும். இரண்டாமவரிடம் நல்ல வேலை உறவோடு நிறுத்திக்கொள்வது இருவருக்கும் இலேசு. ஆனால் கவனம், இது சக ஊழியருக்கு முத்திரை குத்துவதற்கான கருவி அல்ல. நீங்கள் எவ்வளவு காத்திருக்கலாம் என்று மதிப்பிட மட்டும்தான்.

பின்வாங்கல் சில நேரம் நேரான ‘வேண்டாம்’. ஆணும் பெண்ணும், அல்லது மேலதிகாரியும் கீழ் ஊழியரும் என்றால் இதை முதலில் எண்ண வேண்டும். பெண் ஊழியர் ஒருவர் சேரோடு சிரித்துப் பேசிக்கொண்டிருந்து திடீரென்று கதவைத் திறந்து வைத்துவிட்டு உள்ளே வருகிறார், தனியாக வாகனத்தில் ஏற மறுக்கிறார் என்றால் விளக்கம் கேட்காதீர்கள். அதுவே விளக்கம். பின்தொடர்ந்தால் விசயம் மனவருத்தத்தோடு நிற்காது. இலங்கைத் தண்டனைச் சட்டக்கோவையின் 345ஆம் பிரிவு பாலியல் தொந்தரவைக் குற்றமாக்கி 1995 முதல் நடைமுறையில் இருக்கிறது.

இன்னொன்றையும் பிரித்துப் பார்க்க வேண்டும். நம் கதையின் மூத்தவர் ஒருத்தியிடமிருந்துதான் விலகினார். மற்றவர்களோடு சாப்பிட்டார், சிரித்தார், பட்டியலை முடித்தார். ஒருவர் எல்லோரிடமிருந்தும் விலகி, சாப்பாடு குறைந்து, வேலையும் விட்டுப்போய், ‘இனி என்ன இருக்கு’ என்பது போலப் பேசினால் அது கூச்சம் அல்ல. கடன் தொல்லையில் இருப்பவர் என்றால் இன்னும் கவனம் வேண்டும். அப்போது காத்திருக்கக் கூடாது. தனியாக அழைத்து, சாக நினைக்கிறீர்களா என்று நேராகக் கேளுங்கள். கேட்பதால் அந்த எண்ணம் வந்துவிடாது. நாடு முழுவதற்குமான உளநல உதவித் தொலைபேசி எண் 1926.

விறாந்தைக் கதைக்கு வருவோம். இளையவள் என்னிடம் வந்தபோது ஒரு மாதம் ஆகியிருந்தது. செய்தி அனுப்புவதை நிறுத்தச் சொன்னேன். மற்ற ஊழியரிடம் போய், “நான் சும்மா ஏதோ சொன்னன், விடுங்க” என்று மூடிவிடவும் சொன்னேன். அதற்குப் பிறகு மூத்தவரிடம் ஒரே ஒரு தடவை, தனியாக, நடந்துகொண்டே, பதில் எதிர்பார்க்காமல் சொல்ல வேண்டிய இரண்டு வசனம்: “அக்கா, அண்டைக்கு நீங்க சொன்னது எங்கட வீட்டுக்கும் போகல்ல, மாமிக்கும் போகல்ல. நானா இனி அதக் கேக்கமாட்டன்.” மாமி என்ற சொல்லைப் போடச் சொன்னேன். பயம் இருக்கும் இடத்தைப் பெயர் சொல்லித் தொடாவிட்டால் எத்தனை சத்தியம் பண்ணியும் பயனில்லை.

நடந்துகொண்டே சொல்வதற்கும் காரணம் உண்டு. எதிரெதிரே கதிரையில் இருந்தால் மறுமொழி சொல்லியாக வேண்டும். நடக்கும்போது மூத்தவர் பேசாமலே இருக்கலாம், பார்வையை வாவிப் பக்கம் திருப்பிக்கொள்ளலாம். அவரும் அப்படித்தான் செய்தாராம், ஒரு சொல்லும் சொல்லவில்லையாம்.

கணக்கைச் சமன் செய்வது அடுத்தது. இளையவள் தன் பக்கத்துச் சிறு விசயம் ஒன்றைச் சொல்ல வேண்டும், உதவியும் கேட்க வேண்டும். பெரிய இரகசியம் தேவையில்லை, அது மறுபடி பாரமாகிவிடும். களுவாஞ்சிகுடியில் மோட்டார் சைக்கிள் லைசன்ஸ் பரீட்சையில் இரண்டாம் தடவை தவறிவிட்டதை, வீட்டில்கூடச் சொல்லாததை, அக்காவிடம் சொன்னாள். அக்கா பதினைந்து வருடமாக மோட்டார் சைக்கிள் ஓடுகிறவர். அன்று பின்னேரம் மைதானத்தில் எட்டுப் போட்டுக் காட்டினார்.

விலகியது நீங்கள் என்றால் வேலை இன்னும் சிறிது. “அண்டைக்குக் கூடக் கதைச்சிட்டன், கொஞ்சம் வெட்கமாக் கிடக்கு, உங்களோட கோவமில்ல” என்ற ஒரு வசனம் போதும். மூத்தவர் இதைச் சொல்லியிருந்தால் ஒரு மாதம் மிச்சமாகியிருக்கும். ஆனால் வெட்கத்தில் இருப்பவரால் அதைச் சொல்ல முடிவதில்லை. ஆகவே பெரும்பாலும் கேட்டவர்தான் முதல் அடி வைக்க வேண்டியிருக்கிறது.

தை பிறந்து இரண்டு கிழமைக்குப் பிறகு மூத்தவர் தானாகவே கடனைப் பற்றிப் பேசினாராம். ஐந்து நிமிடம், அழுகையில்லாமல், ஒரு கடனை முடித்துவிட்டதாகச் சொல்லிவிட்டு மற்றக் கதைக்குப் போய்விட்டார். பாசல் ஒரே மேசையில் பிரிகிறது. ஆனால் மற்றவர்கள் இருக்கும்போது இன்னும் ‘மிஸ்’தான். இளையவளும் அதை அப்படியே விட்டுவிட்டாள்.