குடக்கூலி நடுவில் கீசர் கெட்டால்: செலவைப் பிரித்துச் செய்தி எழுதுவது எப்படி?

வீட்டைக் கொடுத்து ஐந்தாறு மாதமான பின் கீசர் கெடும்போது, “பாதிப் பாதி போட்டுக்கலாம்” என்று உரிமையாளர் அனுப்பும் ஒரு வரிச் செய்திதான் பெரும்பாலும் சண்டையைத் தொடங்கி வைக்கிறது. எதற்குப் பாதி என்று அதில் இருக்காது. சென்னை ஃபிளாட் ஒன்றின் 15 லிட்டர் கீசரை எடுத்துக்காட்டாக வைத்துப் பார்ப்போம்.

1. எது கெட்டது என்று எழுத்தில் வாங்குங்கள். விளக்கு எரிந்தும் தண்ணீர் சுடாவிட்டால் பெரும்பாலும் காயில் அல்லது தெர்மோஸ்டாட்தான் காரணம். சுவிட்ச் போட்டதும் எம்.சி.பி. விழுந்தால் காயிலில் மின்கசிவு இருக்கலாம். அடிமூடி வழியே நீர் ஒழுகினால் கேஸ்கெட் போயிருக்கலாம், டேங்க்கே துருப்பிடித்தும் இருக்கலாம். போர் தண்ணீரின் உப்பு படிந்தால் காயில் சீக்கிரம் போகும். பழுது பார்க்க எவ்வளவு, மாற்ற எவ்வளவு என்று மெக்கானிக்கிடம் இரண்டு தொகைகளையும் கேளுங்கள்.

2. யார் பொறுப்பு என்று பாருங்கள். முதலில் ஒப்பந்தத்தைப் படியுங்கள். அதில் எதுவும் இல்லையென்றால், தமிழ்நாட்டின் 2017ஆம் ஆண்டு வாடகைச் சட்டத்தின் இரண்டாம் அட்டவணை உதவும். கீசர் பழுது குடியிருப்பவர் பக்கமும், தண்ணீர்க் குழாய்களை மாற்றுவதும் வயரிங்கும் உரிமையாளர் பக்கமும் வருகின்றன. வயதாகித் துருப்பிடித்த கீசருக்குப் பதில் புதிது வாங்கினால், அது குடியிருப்பவர் காலி செய்த பின்னும் வீட்டிலேயே இருக்கும். அதனால் அந்தச் செலவை உரிமையாளர் ஏற்பதே நியாயம்.

3. கணக்குப் போடுங்கள். நம் கீசருக்கு ஒன்பது வயது. காயில் எரிந்துவிட்டது. மாற்ற 1,400 ரூபாய். கழற்றிப் பார்த்தால் டேங்க்கும் துரு. புதிய கீசர் 7,800, பொருத்துகூலி 700, பழையதற்குக் கழிவு 300. ஆக மொத்தம் 8,200 ரூபாய். பழுது மட்டும் பார்த்திருந்தால் ஆகியிருக்கும் 1,400தான் குடியிருப்பவர் பங்கின் உச்சவரம்பு. மீதி 6,800 உரிமையாளருடையது. டேங்க் மட்டும் ஒழுகியிருந்தால் குடியிருப்பவரிடம் எதுவும் கேட்க வேண்டியதில்லை.

4. செய்தியை எழுதுங்கள். காரணம், கணக்கு, தேதி, பணம் தரும் வழி நான்கும் இருக்கட்டும்:

“வணக்கம் மேடம். கீசரில் காயில் எரிந்திருக்கிறது, டேங்க்கும் துருப்பிடித்திருக்கிறது என்று மெக்கானிக் சொன்னார். அவர் எழுதிக் கொடுத்த சீட்டை அனுப்பியிருக்கிறேன். புதிது மாட்ட மொத்தம் 8,200 ரூபாய். காயில் மாற்ற ஆகும் 1,400 உங்கள் பங்கு, மீதி 6,800 என்னுடையது. முழுத் தொகையையும் நான் கட்டிவிடுகிறேன். உங்கள் பங்கை அடுத்த மாத வாடகையோடு சேர்க்காமல் தனியாக அனுப்புங்கள். அட்வான்ஸில் பிடிக்க மாட்டேன். சனிக்கிழமை காலை ஆள் வருவார், அந்த நேரம் சரிவருமா? அதுவரை கீசர் சுவிட்சைப் போட வேண்டாம். கணக்கில் சந்தேகம் இருந்தால் சொல்லுங்கள், பேசி முடித்த பிறகு வாங்கலாம்.”

5. பதில் வந்த பிறகே வாங்குங்கள். “சரி” என்று எழுத்தில் வரட்டும். பில்லின் படத்தை அன்றே அனுப்புங்கள். உத்தரவாத அட்டையை நீங்கள் வைத்துக்கொண்டு, அதன் படத்தைக் குடியிருப்பவருக்குக் கொடுங்கள். அடுத்த முறை கெட்டால், சர்வீஸுக்கு முதலில் கூப்பிடப்போவது அவர்தான்.