11 மணிப் பசி

கேள்வி: காலையில் ஐந்து இட்லி சாப்பிட்டும் 11 மணிக்கே பசிக்கிறது. எடையும் குறையவில்லை. ஏன்?

பதில்: மெத்தென்ற இட்லி சீக்கிரம் செரித்துவிடும்; சட்னியில் புரதமும் குறைவு. இரண்டு இட்லியைக் குறைத்து, அரை கப் கொண்டைக்கடலைச் சுண்டல் சேர்த்துப் பாருங்கள். கலோரி ஏறக்குறைய அதேதான். ஆனால் சுண்டலில் சுமார் 7 கிராம் புரதமும் 6 கிராம் நார்ச்சத்தும் உண்டு; இரண்டு இட்லியில் இதைவிடக் குறைவு. புரதம் குடலை எட்டியதும், ‘போதும்’ என்று மூளைக்குச் சொல்லும் ஹார்மோன்கள் சுரக்கின்றன. நார்ச்சத்தில் கரையும் பகுதி நீரை இழுத்துக் கூழாகி, இரைப்பை காலியாவதைத் தாமதப்படுத்துகிறது.

எடையைக் குறைப்பது சுண்டல் அல்ல. பசிக்காகச் சாப்பிடும் 11 மணி வடை நின்றுபோவதுதான். ஐந்து இட்லியோடு சுண்டலையும் சேர்த்தால் எடை ஏறவும் கூடும்! வயிறு உப்பினால் கால் கப்பில் தொடங்குங்கள். சிறுநீரகக் கோளாறு இருந்தால் மருத்துவரைக் கேட்காமல் புரதத்தைக் கூட்ட வேண்டாம்.