சார்ஜ் ஏறும்போது லேப்டாப் உடல் சுரீர் என்கிறதா?

இரண்டு பின் அடாப்டருக்குள் இருக்கும் கெபாசிட்டர் வழியே, ஒரு மில்லிஆம்பியரில் கால்வாசிக்கும் குறைவான மின்சாரம் உலோக உடலுக்குக் கசிவது இயல்பு. டெஸ்டர் மங்கலாக எரிவதை மட்டும் வைத்து ஆபத்து என்று முடிவு செய்ய வேண்டாம்.

1. அந்த மாடலுக்கு மூன்று பின் வயர் கிடைத்தால் அதையே போடவும். கசிவு எர்த்துக்குப் போய்விடும்.

2. எர்த் உண்மையில் இருக்கிறதா என்று எலெக்ட்ரீஷியனை மீட்டரால் பார்க்கச் சொல்லவும். ஃபேஸுக்கும் எர்த்துக்கும் இடையே 230 வோல்ட்டை ஒட்டியும், நியூட்ரலுக்கும் எர்த்துக்கும் இடையே சில வோல்ட்டும் காட்ட வேண்டும். தாம்பரம், சேலையூர்ப் பக்கத்துப் பழைய வாடகை வீடுகளில் இதைப் பார்த்துவிடுவது நல்லது; சாக்கெட்டில் மூன்று துளை இருந்தாலும் எர்த் கம்பி எங்கோ அறுந்திருக்கலாம். அப்போது ஃபிரிட்ஜில் ஏற்படும் கோளாறு, அந்தப் பொது எர்த் கம்பி வழியே மூன்று பின் வயர் போட்ட லேப்டாப்புக்கும் வந்துவிடலாம். இதுதான் உயிருக்கு ஆபத்தானது.

3. கை வெடுக்கென்று இழுத்தாலோ, குழாய், வாஷிங் மெஷினிலும் ஷாக் அடித்தாலோ லேப்டாப்பைத் தொடாமல் மெயினை அணைக்கவும். எர்த் கம்பியிலேயே மின்சாரம் ஏறியிருக்கலாம்.

4. அடாப்டரில் விரிசல் விட்டாலோ, கருகிய வாடை வந்தாலோ மாற்றவும். உள்ளே இன்சுலேஷன் போயிருக்கலாம்.

5. 30 மில்லிஆம்பியர் ஆர்.சி.சி.பி. பொருத்தவும். முடிச்சூர் போல வெள்ளம் புகும் இடங்களில், ஈரச் சுவரில் கசிவு கூடினால் அது மின்சாரத்தைத் துண்டித்துவிடும்.